சந்தாவை 200 ரூபாய் கூட்டும்போது உறுப்பினர்களுக்கு எந்தக் கணக்கைக் காட்டுவது?

*"அண்ணாச்சி, பாளையங்கோட்டையில எங்க ஷட்டில் கிளப்புக்கு நான்தான் பொருளாளர். ரெண்டு கோர்ட், பேரேட்டுல 48 பேர். ஏப்ரல்ல இருந்து மாசச் சந்தாவை 600-ல இருந்து 800 ஆக்கணும்னு கமிட்டி சொல்லுது. 'ஒரேயடியா இருநூறு எதுக்கு?'ன்னு கேப்பாங்க. எப்படி எழுதணும்? எந்தக் கணக்கைக் காட்டணும்? வரவு செலவை அனுப்பியிருக்கேன், பாத்துச் சொல்லுங்க."*

கணக்கைப் பார்த்தேன். 800 என்பது சரியான தொகைதான். ஆனால் 'விலைவாசி உயர்வு காரணமாக' என்று ஒரு வரி எழுதி நிறுத்தினால் யாரும் ஏற்கமாட்டார்கள். நம்ம பக்கம் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடும்போது என்ன நடக்கிறது? பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, வில்லுப்பாட்டுக்கு இவ்வளவு என்று வாசித்த பிறகுதான் தலைக்கட்டுக்கு எவ்வளவு என்று வரும். அந்த வரிசையைக் கேட்டுப் பழகிய ஆட்கள்தான் உங்கள் உறுப்பினர்களும். செலவை முதலில் சொல்லுங்கள், தொகை பிறகு வரட்டும்.

முதலில் எத்தனை பேரால் வகுப்பது என்பதைப் பார்ப்போம். பெரும்பாலான கிளப்புகள் தடுமாறுவது இங்கேதான். பேரேட்டில் 48 பேர் இருக்கிறார்கள். உங்கள் ரசீதுப் புத்தகப்படி கடந்த ஆறு மாதமும் விடாமல் கட்டியவர்கள் 42 பேர்தான். மீதி ஆறு பேரில் ஒருவர் மாற்றலாகிப் போனவர், சிலர் முட்டி வலி என்று வராமல் இருப்பவர்கள், ஒருவர் கட்டுகிறேன் கட்டுகிறேன் என்று சொல்பவர். 48 பேர் என்று வைத்தால் மாத வரவு 28,800. உண்மையில் கைக்கு வருவது 25,200. தாளில் இருக்கிற 3,600 ரூபாயை நம்பிச் செலவைத் திட்டமிட்டால், மாதக் கடைசியில் ஷட்டில்காக் டப்பா வாங்கப் பொருளாளர் தன் கைக்காசைப் போடுவார். எனவே எல்லா வகுத்தலும் 42-ஆல்தான். அந்த ஆறு பேரின் பெயரை அறிவிப்பில் போட வேண்டாம். 'தவறாமல் செலுத்தும் உறுப்பினர்கள் 42' என்று மட்டும் எழுதுங்கள், புரிய வேண்டியவர்களுக்குப் புரியும்.

இனிச் செலவு. போன வருஷம் மாதச் செலவு 23,300. இந்த வருஷம் 29,700. கூடின 6,400-இல் இட வாடகை 500, கூட்டிப் பெருக்குகிறவர் சம்பளம் 500, கரண்டும் சில்லறைச் செலவும் சேர்த்து 200. இந்த மூன்றையும் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். மிச்சம் 5,200 முழுக்கக் காக் செலவு. அறிவிப்பில் பாதி இடத்தை இதற்குக் கொடுங்கள்.

உங்கள் கிளப்பில் காலையும் மாலையுமாக ஒரு நாளைக்கு 6 ஃபெதர் காக் தீர்கிறது. மாதம் 26 நாள் ஆட்டம் என்றால் 156 காக், அதாவது 12 காக் கொண்ட டப்பா 13. போன வருஷம் நீங்கள் வாங்கின விலை டப்பா 850, இப்போது 1,250. ஒரு காக் 71 ரூபாயாக இருந்தது 104 ஆகிவிட்டது. மாதத்துக்கு 11,050 ஆக இருந்த செலவு 16,250 ஆகியிருக்கிறது. எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை, விலைதான் கூடியிருக்கிறது. இதைத் தனி வரியாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் 'சாயங்கால பேட்ச்காரங்கதான் காக்கை வீணாக்குதாங்க' என்று காலை பேட்ச் சொல்லும், அதோடு சந்தா விஷயம் போய் பேட்ச் சண்டை வந்துவிடும்.

விலை ஏன் ஏறியது என்பதையும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு காக்கில் 16 இறகுகள். வாத்து அல்லது பெருவாத்தின் சிறகில் இருக்கும் விறைப்பான இறகுதான் இதற்கு ஆகும், உடம்பு இறகு ஆகாது. ஒரு பறவையில் அந்தத் தரத்தில் கிடைப்பவை கொஞ்சம்தான். இந்த இறகில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. இறகுக்காக யாரும் பறவை வளர்ப்பதில்லை, இறைச்சிக்கு வளர்க்கும்போது கிடைப்பதுதான் இறகு. அங்கே வாத்துக் கறி தின்பது குறைந்தால் இங்கே காக் விலை ஏறும். 2025-இல் உலகம் முழுக்க இந்தத் தட்டுப்பாடு பேசப்பட்டது. கடைக்காரர் ஏமாற்றுகிறாரோ, கமிட்டி எதையோ மறைக்கிறதோ என்ற சந்தேகம் இந்த இரண்டு வரியில் தீரும். பழைய பில் ஒன்று, புதிய பில் ஒன்று, இரண்டின் நகலையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்த கேள்வி உடனே வரும்: "காக்கைக் குறைச்சுச் செலவு பண்ணினா என்ன?" நியாயமான கேள்வி. பதில் இல்லாமல் கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

நம்ம ஊரில் காக் சீக்கிரம் போவதற்கு இரண்டு காரணம். ஒன்று வேகம். டப்பா மூடியில் 76, 77, 78 என்று போட்டிருக்கும். எண் கூடக்கூடக் காக் தூரமாகப் போகும். வெயில் ஊரில் காற்று அடர்த்தி குறைவு, அதனால் எந்தக் காக்கும் கொஞ்சம் கூடுதலாகவே ஓடும். 78 வாங்கிவிட்டால் பின்கோட்டைத் தாண்டித் தாண்டி விழும். ஆடுபவர்கள் இறகு நுனியை மடித்து வேகத்தைக் குறைப்பார்கள், மடித்த இடத்தில் இரண்டாவது ஸ்மாஷிலேயே இறகு முறியும். சோதித்துப் பார்க்க ஒரு முறை உண்டு. பின்கோட்டில் நின்று, கீழிருந்து மேலாக முழு வீச்சில், பக்கக்கோட்டுக்கு இணையாக அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கத்துப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழுந்தால் வேகம் சரி. ஒரு எண் மாறினால் விழும் இடம் ஏறக்குறைய ஒரு அடி மாறும். மொத்தமாக வாங்குமுன் ஒரு டப்பா வாங்கி, நீங்கள் ஆடுகிற அதே நேரத்தில் அடித்துப் பாருங்கள். உங்கள் ஷெட்டுக்கு 76 பொருந்தும் என்று நினைக்கிறேன், 77-க்கு மேல் போகாது.

இரண்டாவது காரணம் காற்றில் ஈரம் இல்லாதது. ஆனி ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது பாளையங்கோட்டைக்கு வருவது மழையைக் கொட்டிவிட்டு வந்த வறண்ட மேகாற்றுதான். அந்தக் காற்றில் இறகு காய்ந்து மொறமொறவென்று ஆகிவிடும். அப்படிக் காய்ந்த காக்கை எடுத்துப் பார்த்தால் தெரியும்: தண்டு வளையாது, விரலால் லேசாக அழுத்தினாலே 'சட்'டென்று வெள்ளைக் கோடு விழும். இதற்கு ஆவி காட்டுவார்கள். டப்பாவின் இரண்டு மூடியையும் கழற்றிவிட்டு, கொதிக்கிற பாத்திரத்தின் ஆவியில் இறகுப் பக்கத்தைக் கீழே பிடித்து ஐந்து முதல் பத்து விநாடி காட்டி, மூடியைப் போட்டு ராத்திரி முழுக்க வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் காட்டினால் தண்டைப் பிடித்திருக்கும் பசை இளகும், கார்க்கும் ஈரம் குடித்துக் கனத்துவிடும். ஒரு வருஷத்துக்கு மொத்தமாக வாங்கிப் பீரோவில் அடுக்குவதும் இதனால்தான் லாபமில்லை. விலையில் மிச்சமாவது காய்ந்து முறிவதில் போய்விடும். இரண்டு மாதத்துக்கு மேல் இருப்பு வேண்டாம்.

இதையெல்லாம் செய்தால் நாளைக்கு ஆறு என்பது ஐந்தாகலாம். அதாவது மாதம் 26 காக் மிச்சம், ஏறக்குறைய 2,700 ரூபாய். நல்ல காசுதான். ஆனால் நடக்கும் முன்னமே அதைக் கழித்துச் சந்தாவைக் குறைத்து அறிவிக்காதீர்கள். மிச்சமானால் ஆறு மாதம் கழித்துக் கணக்கில் காட்டலாம். நைலான் காக்குக்கு முழுசாக மாறச் சொல்கிறவர்களும் இருப்பார்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது போதும், ஒன்று பல நாள் வரும். ஆனால் அடித்தபின் வேகம் குறைகிற விதமே வேறு, பல வருஷம் ஃபெதரில் ஆடினவர்களைக் கட்டாயப்படுத்தினால் அவர்கள் வேறு கிளப் பார்ப்பார்கள்.

இப்போது நீங்கள் அனுப்பிய கணக்கில் இல்லாத ஒரு செலவு. மேட். இரண்டு கோர்ட்டுக்கும் புது மேட் போட நீங்கள் வாங்கி வைத்திருக்கும் விலைப்புள்ளி 1,50,000. ஐந்து வருஷம் உழைக்கும் என்று வைத்தால் 60 மாதம், மாதத்துக்கு 2,500. இந்தப் பணம் இதுவரை எங்கேயும் ஒதுக்கப்படவில்லை. போன வருஷம் மாதம் 1,900 மிச்சம் என்று காட்டியிருக்கிறீர்களே, அது மிச்சமே இல்லை. மேட் தேய்ந்துகொண்டிருந்தது, அதற்கான காசை எடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான். இப்படியே விட்டால் சர்வீஸ் கோட்டுப் பக்கம் மேட் வழவழவென்று ஆகி ஆள் வழுக்க ஆரம்பிக்கும்போது, தலைக்கு 3,500 ரூபாய்க்கு மேல் ஒரே தடவையில் கேட்க வேண்டி வரும். அன்றைக்கு உறுப்பினராக இருப்பவர் முழுதும் கட்டுவார், ஐந்து வருஷம் ஆடித் தேய்த்துவிட்டுப் போனவர் ஒன்றும் கட்டமாட்டார். மாதம் 60 ரூபாய் எடுத்து வைப்பது இதற்குத்தான். இந்தப் பணத்தைத் தனி சேமிப்புக் கணக்கிலோ ஆர்.டி.யிலோ போடுங்கள், நடப்புச் செலவோடு கலந்தால் காக் டப்பாவாகப் போய்விடும்.

ஆக மொத்தம் 29,700-உம் 2,500-உம் சேர்ந்து 32,200. 600 ரூபாய் சந்தாவில் வருவது 25,200. பள்ளம் 7,000. அதை 42-ஆல் வகுத்தால் தலைக்கு 167 ரூபாய். அப்படியானால் 200 எதற்கு? மீதி 33 ரூபாய், சந்தா கூடினதும் நின்றுவிடுகிற ஓரிருவருக்காக. 42 பேரும் இருந்தால் மாதம் 33,600 வரும், 1,400 கையில் நிற்கும். இரண்டு பேர் நின்றுவிட்டால் 32,000, செலவை ஏறக்குறைய ஈடுகட்டும். இந்த 33 ரூபாயை ஒளிக்க வேண்டாம். ஓய்வுபெற்ற பேங்க்காரர் ஒருவர் உங்கள் கிளப்பிலும் கட்டாயம் இருப்பார், அவர் 167-ஐத் தானே கண்டுபிடித்துக் கூட்டத்தில் எழுந்து கேட்பதைவிட நீங்களே எழுதிவிடுவது மேல்.

கூட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். மேட்டுக்கு ஒன்றும் ஒதுக்காவிட்டாலும் மாதம் 4,500 துண்டு விழுகிறது. கையிருப்பு 27,000. ஆறு மாதத்தில் தீரும். மிரட்டுகிற மாதிரி எழுதாமல் வெறும் கணக்காக எழுதினால் போதும்.

எழுதக்கூடாத ஒன்று உண்டு. 'ஒரு நாளைக்கு ஒரு டீ, வடைக் காசுதான்' என்ற வரி. மாதம் 26 நாளும் வருகிறவருக்கு அது 31 ரூபாய். வேலை காரணமாகப் பத்து நாள் மட்டும் வருகிறவர் மனதுக்குள் 80 என்று கணக்குப் போடுவார். அவருக்குச் சந்தா ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருக்கும், அந்த வரி இன்னும் கிளறிவிடும்.

மாணவர்களுக்குச் சலுகை கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் அதை யார் சுமப்பது என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். 42 பேரில் 6 பேர் மாணவர்கள், அவர்களுக்கு 500 என்றால் மாதம் 1,800 குறையும். மீதி 36 பேர் தலைக்கு 50 கூடுதலாகப் போட வேண்டும், அப்போது அவர்கள் சந்தா 850. கூட்டம் இதற்குக் கை தூக்கினால் சரி. பொருளாளரும் செயலாளரும் தனியாக முடிவெடுத்துச் செய்கிற காரியம் அல்ல இது.

அறிவிப்பை அனுப்புமுன் துணைவிதியை எடுத்து ஒரு தடவை வாசியுங்கள். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான கிளப் என்றால் இது முக்கியம். 'சந்தா பொதுக்குழு அவ்வப்போது தீர்மானிக்கும் தொகை' என்று இருந்தால் பொதுக்குழுவில் சாதாரணத் தீர்மானம் போதும். சில கிளப்புகளில் தொடங்கியபோதே 'மாதச் சந்தா ரூ. 200' என்று தொகையையே எழுதி வைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் துணைவிதியையே திருத்த வேண்டும். அதற்குச் சிறப்புத் தீர்மானம் போட்டு, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். திருத்தும்போது தொகையை எடுத்துவிட்டு 'பொதுக்குழு தீர்மானிக்கும் தொகை' என்று மாற்றிவிட்டால் அடுத்த தடவை இந்த அலைச்சல் இல்லை. ஜி.எஸ்.டி. உண்டா என்று யாராவது கேட்டால், சந்தா கூடின பிறகும் உங்கள் ஆண்டு வரவு நாலு லட்சத்துச் சொச்சம், சேவைக்குப் பதிவு வரம்பு 20 லட்சம் என்று சொல்லுங்கள், பேச்சு அங்கேயே முடியும்.

ஒரு மாதமாவது முன்னால் அறிவிப்பு போக வேண்டும். ஏற்கெனவே வருஷச் சந்தா கட்டியவர்களிடம் வித்தியாசத் தொகை கேட்காதீர்கள், அவர்கள் கட்டிய காலம் முடிகிறவரை பழைய தொகைதான். வாசகம் இப்படி இருக்கலாம்:

> உறுப்பினர்களுக்கு வணக்கம்.
>
> நமது கிளப்பின் மாதச் செலவு (அடைப்புக்குள் சென்ற ஆண்டு): காக் 13 டப்பா ரூ. 16,250 (11,050). இட வாடகை ரூ. 5,500 (5,000). துப்புரவுச் சம்பளம் ரூ. 5,000 (4,500). மின்கட்டணம் ரூ. 1,950 (1,850). நெட், தண்ணீர், சில்லறை ரூ. 1,000 (900). மேட் மாற்று நிதி ரூ. 2,500 (இதுவரை ஒதுக்கப்படவில்லை). மொத்தம் ரூ. 32,200 (23,300).
>
> காக் பயன்பாடு கூடவில்லை. டப்பா விலை ரூ. 850-இலிருந்து ரூ. 1,250 ஆகியுள்ளது. இரண்டு பில்லும் நோட்டீஸ் போர்டில் உள்ளன.
>
> தவறாமல் செலுத்தும் 42 பேர் மூலம் இப்போது வரும் சந்தா ரூ. 25,200. பற்றாக்குறை ரூ. 7,000, அதாவது ஒருவருக்கு ரூ. 167. உறுப்பினர் எண்ணிக்கை குறைந்தாலும் செலவு நிற்காமல் இருக்க ரூ. 33 சேர்த்து, ஏப்ரல் 1 முதல் மாதச் சந்தாவை ரூ. 800 ஆக்கப் பரிந்துரைக்கிறோம்.
>
> ஆண்டுச் சந்தா செலுத்தியவர்களுக்கு அந்தக் காலம் முடியும்வரை மாற்றமில்லை. மேட் நிதி தனிக் கணக்கில் இருக்கும், பாஸ்புக்கை யாரும் பார்க்கலாம். பொதுக்குழுவில் இது குறித்துப் பேசி முடிவெடுப்போம்.
>
> பொருளாளர்

இதில் மின்கட்டணத்தை இரண்டு மாத பில்லைப் பாதியாக்கித்தான் போட வேண்டும். நம்மூரில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நீங்கள் அனுப்பிய தாளில் ஒரு மாதம் 3,900, அடுத்த மாதம் சுழியம் என்று இருக்கிறது. அதை அப்படியே ஒட்டினால், 'போன மாசம் கரண்டே செலவாகலையே, இந்த மாசம் ஏன் நாலாயிரம்?' என்று ஒருவர் கேட்பார், அதை விளக்கவே அரை மணி நேரம் போகும். கணக்கு சரியா என்று நானும் பார்த்தேன்: 200 வாட் எல்.இ.டி. எட்டு, காலை ஒரு மணி, மாலை மூன்று மணி, 26 நாள். மாதம் 166 யூனிட் வருகிறது, உங்கள் பில்லோடு ஒத்துப்போகிறது.

முதலில் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், பிறகு வாட்ஸப் குரூப்பில் போடுங்கள். குரூப்பில் யாராவது கோபமாகக் கேட்டால் அங்கே பதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். 'பொதுக்குழுவில் பேசுவோம், அதற்குமுன் பில் பார்க்க வேண்டுமானால் காலை ஆட்டம் முடிந்ததும் என்னிடம் இருக்கும்' என்று ஒரு வரி போதும். பில் ஃபைலை நிஜமாகவே கையில் வைத்திருங்கள்.